பென்சில் கோடு எங்கிருந்து வருகிறது? லேயர், மாஸ்க், பிளெண்ட் மோட் கணக்கு

கேள்வி: மயிலாப்பூர் மாட வீதிகளில் எடுத்த படங்களைப் பென்சிலும் வாட்டர்கலரும் கலந்த ஓவியம் போல மாற்றப் பார்க்கிறேன். வீடியோவில் சொல்லும் படிகளை அப்படியே செய்கிறேன். அவர்கள் படத்தில் அழகாக வருகிறது. என் படத்தில் அழுக்குப் படிந்தது போல வருகிறது. ‘முதலில் லேயர், மாஸ்க், பிளெண்ட் மோட் மூன்றையும் புரிந்துகொள்’ என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? இத்தனை பிளெண்ட் மோட் பெயர்களையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்:

மனப்பாடம் வேண்டாம். நான்கு மோட்களின் கணக்கு புரிந்தால் இந்த வேலை முழுவதையும் செய்துவிடலாம். மீதியைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

லேயர் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் என்று எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். அது பாதிதான் சரி. கண்ணாடி எதையும் கணக்கிடாது, லேயர் கணக்கிடும். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் கீழே ஓர் எண், மேலே ஓர் எண். அந்த இரண்டையும் வைத்து மூன்றாவது எண்ணைக் கண்டுபிடிக்கும் விதிதான் பிளெண்ட் மோட். கண்டுபிடித்த எண்ணில் எவ்வளவை ஏற்றுக்கொள்வது என்று புள்ளிவாரியாகச் சொல்வது மாஸ்க். வெள்ளை என்றால் முழுவதும், கறுப்பு என்றால் ஒன்றுமே இல்லை, நடுச் சாம்பல் என்றால் பாதி. இவ்வளவுதான் மொத்தக் கருவியும்.

திரையில் 0 முதல் 255 வரை காட்டும் எண்ணை 0 முதல் 1 வரை என்று நினைத்துக்கொண்டால் கணக்கு எளிது. கறுப்பு 0, வெள்ளை 1.

```
மல்டிப்ளை   = கீழ் × மேல்
ஸ்கிரீன்     = 1 − (1 − கீழ்) × (1 − மேல்)
கலர் டாட்ஜ் = கீழ் ÷ (1 − மேல்)
```

இவற்றைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. மேலே எந்த நிறத்தை வைத்தால் கீழே எதுவும் மாறாது என்று பாருங்கள். மல்டிப்ளையில் அது வெள்ளை, ஏனென்றால் ஒன்றால் பெருக்கினால் அதே எண்தான். ஸ்கிரீனிலும் கலர் டாட்ஜிலும் அது கறுப்பு. நான்காவதான ஓவர்லேயில் அது நடுச் சாம்பல். அதைவிட வெளிச்சமானது கீழே உள்ளதை வெளிச்சமாக்கும், இருண்டது இருட்டாக்கும். ஒரு மோடில் மாற்றம் செய்யாத நிறம் எது என்று தெரிந்துவிட்டால், அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது தானாகத் தெரியும். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு இருக்கிறதா? மல்டிப்ளை வைத்தால் தாள் மறைந்து கோடு மட்டும் நிற்கும். கறுப்புப் பின்னணியில் எடுத்த தீப ஒளியா? ஸ்கிரீன்.

இனி உங்கள் பென்சில் கோட்டுக்கு வருவோம். வீடியோக்களில் சொல்லும் வழி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கு, பிரதி எடு, பிரதியைத் தலைகீழாக்கு, கலர் டாட்ஜ் போடு, காஸியன் பிளர் கொடு. ஏன் என்று யாரும் சொல்வதில்லை. மேலே உள்ள சூத்திரத்தில் இட்டுப் பாருங்கள். மேல் லேயர் என்பது பிளர் செய்த படத்தின் தலைகீழ், அதாவது 1-இலிருந்து பிளரைக் கழித்தது. அதை மறுபடி 1-இலிருந்து கழித்தால் பிளர் செய்த படமே மிஞ்சும். ஆக, விடை:

```
கோடு = படம் ÷ பிளர் செய்த படம்
```

ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுவட்டச் சராசரியால் வகுக்கிறோம். இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் உங்கள் படத்தில் வரும் அழுக்கு ஏன் வருகிறது என்பதும் புரிந்துவிடும்.

மாட வீதியில் ஒரு பூக்கடையை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, இருண்ட மரக் கதவின் முன் உட்கார்ந்திருக்கிறார். வேட்டியின் மதிப்பு 220, கதவு 80 என்று வையுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பிளர் செய்த மதிப்பு நடுவில், 150 சுமாருக்கு வந்துவிடும். கதவின் பக்கம் 80-ஐ 150-ஆல் வகுத்தால் 0.53. அது நல்ல சாம்பல் கோடு. வேட்டியின் பக்கம் 220-ஐ 150-ஆல் வகுத்தால் 1-க்கு மேல் போகிறது. வெள்ளைக்கு மேல் வெள்ளை கிடையாது, எனவே அது வெள்ளையாக வெட்டப்பட்டுவிடும். எல்லையிலிருந்து தள்ளி, கதவின் நடுவில் 80-ஐ 80-ஆல் வகுத்தால் 1. கதவும் வெள்ளைதான்! கறுத்த கதவு வெள்ளைத் தாளாகி, அதன் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் நிற்பது இதனால்தான். கோடு எப்போதும் எல்லையின் இருண்ட பக்கத்தில் விழும் என்பதையும் கவனியுங்கள்.

பிளர் ஆரம் கோட்டின் பருமனைத் தீர்மானிக்கிறது. இங்கேதான் வீடியோ எண்கள் ஏமாற்றும். அகலம் 1500 பிக்சல் உள்ள படத்துக்கு ஆரம் 5 என்றால், 6000 பிக்சல் படத்துக்கு அதே தோற்றம் வர 20 வேண்டும். கேமராவிலிருந்து வந்த முழுப் படத்தில் 5 கொடுத்தால் தலைமுடி போன்ற கோடுகளும் பொடிப் புள்ளிகளும்தான் கிடைக்கும்.

உங்கள் அழுக்குக்கு இன்னொரு முக்கியமான காரணமும் இருக்கலாம். மாலையில் ஒரே ஒரு எல்.இ.டி. பல்பின் கீழ் எடுத்த படத்தில் நிழல் பகுதிகளில் நாய்ஸ் இருக்கும். இருண்ட மூலையில் சுற்றுவட்டம் 14 என்று இருக்க, ஒரு புள்ளி மட்டும் 10 ஆக இருந்தால் 10-ஐ 14-ஆல் வகுத்து 0.71 வருகிறது. அது கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் பொட்டு. அதே நான்கு எண் வித்தியாசம் வெளிச்சமான சுவரில், 204-க்கு நடுவே 200 என்று இருந்தால் 0.98, கண்ணுக்கே தெரியாது. வகுத்தல் என்பதால் சின்ன எண்கள் இருக்கும் இடத்தில் சின்னப் பிழையும் பெரிதாகிவிடுகிறது. வீடியோக்காரர் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தை வைத்திருப்பார். அவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

தீர்வும் அதே கணக்கில் இருக்கிறது. பிரதி எடுப்பதற்கு முன்பே நாய்ஸைக் குறைத்து, நிழலைத் தூக்கிவிடுங்கள். 10-உம் 14-உம் முறையே 40, 44 ஆகிவிட்டால் விடை 0.91, பொட்டு ஏறக்குறைய மறைந்துவிடும். இதை இரண்டு பிரதிகளில் ஒன்றுக்கு மட்டும் செய்துவிடாதீர்கள். மேலும் கீழும் வேறுவேறாகிவிட்டால் சமமான பகுதியிலும் விடை 1 ஆக வராது. தாள் முழுவதும் மங்கலாகிவிடும்.

அடுத்தது நிறம். ‘முதலில் கறுப்பு வெள்ளை ஆக்கு’ என்ற படியை நான் ஏற்பதில்லை. பூக்கடையில் கனகாம்பரம் வாழையிலைமேல் குவிந்திருக்கிறது. கனகாம்பரத்தின் சிவப்பு, பச்சை, நீலம் முறையே 225, 110, 45 என்றும், வெளிச்சம் பட்ட இலை 70, 190, 80 என்றும் வையுங்கள். ஃபோட்டோஷாப்பின் டீசாச்சுரேட் கட்டளை மூன்றில் பெரியதையும் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுக்கும். பூவுக்கு 135, இலைக்கு 130. கண்ணுக்குத் தீயாகத் தெரியும் பூவும் பச்சை இலையும் ஒரே சாம்பல் ஆகிவிட்டன. இதற்குப் பிறகு என்ன டாட்ஜ் போட்டாலும் அந்த இடத்தில் கோடு வராது.

நிறத்தோடேயே டாட்ஜ் போட்டால் வகுத்தல் மூன்று சேனல்களிலும் தனித்தனியாக நடக்கும். இலையின் பக்கம் சிவப்புச் சேனலில் 70-ஐ 147-ஆல் வகுக்க 0.48 வருகிறது, மற்ற இரண்டும் வெள்ளைக்குப் போய்விடும். ஆகவே அங்கே நீலப்பச்சை நிறத்தில் ஒரு கோடு விழும். கறுப்பு வெள்ளை ஆக்குவதைக் கடைசியில் செய்யுங்கள். அதற்குப் ‘பிளாக் அண்ட் ஒயிட்’ அட்ஜஸ்ட்மென்ட் லேயர் நல்லது. அதில் சயான் பட்டையை இடப்பக்கம் இழுத்தால் அந்தக் கோடு மட்டும் கறுத்துக்கொண்டே போகும். நிறவாரியாகக் கோட்டின் அழுத்தத்தை மாற்றும் வசதி இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

இப்போது அடுக்குகளைக் கட்டலாம். படத்தைத் திறந்து Ctrl+J இரண்டு முறை அழுத்துங்கள். மேல் பிரதியை Ctrl+I கொடுத்துத் தலைகீழாக்கி, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி, கலர் டாட்ஜ் போட்டு, அதன்பின் காஸியன் பிளர் கொடுங்கள். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கியிருந்தால் பிளர் ஆரத்தை எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். மேலே அட்ஜஸ்ட்மென்ட் லேயரை வைத்து, மூன்றையும் ஒரு குரூப்பில் போடுங்கள்.

இந்தக் குரூப்பின் மோடைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் புதிய குரூப் ‘பாஸ் த்ரூ’ என்ற நிலையில் பிறக்கும். அப்படியென்றால் குரூப் வெறும் கோப்புறை. உள்ளே இருப்பவை கீழே உள்ள எல்லா லேயர்களோடும் நேரடியாகக் கலந்துவிடும். குரூப்பை மல்டிப்ளைக்கு மாற்றினால் உள்ளே இருக்கும் மூன்றும் தங்களுக்குள் கணக்கை முடித்துக்கொண்டு, விடையை மட்டும் வெளியே தரும். அந்த விடை வெள்ளைத் தாளில் கோடு. மல்டிப்ளை அந்த வெள்ளையை நீக்கிவிடும்.

குரூப்புக்குக் கீழே வண்ணம். அசல் படத்தின்மேல் ஒரு வெள்ளை ஃபில் லேயர், அதன்மேல் படத்தின் இன்னொரு பிரதி. அந்தப் பிரதிக்கு மீடியன் ஃபில்டர் கொடுத்தால் நுணுக்கங்கள் கரைந்து, திட்டுத்திட்டான நிறங்கள் மட்டும் மிஞ்சும். நுணுக்கம் காட்டுவது கோட்டின் வேலை. வண்ண லேயர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். இந்த வண்ண லேயருக்குக் கறுப்பு மாஸ்க் போட்டு, சொரசொரப்பான ஓரம் உள்ள பிரஷ்ஷை வெள்ளையில் எடுத்து, பூக்கள், கடைக்காரரின் முகம், தொங்கும் மாலைகள் ஆகியவற்றின்மேல் மட்டும் தீட்டிக்கொண்டு வாருங்கள். ஓரங்களில் வண்ணம் தீர்ந்து வெள்ளைத் தாளும் வெறும் கோடும் தெரியும். வாட்டர்கலர் என்று கண் நம்புவது பெரும்பாலும் இந்த மாஸ்க்கின் ஓரத்தால்தான், ஃபில்டரால் அல்ல.

முகத்துக்கு வருவோம். வயதான ஒருவரின் முகத்தில் இந்த வகுத்தல் கணக்கு ஒவ்வொரு சுருக்கத்தையும் மூன்று நாள் தாடியையும் கோடாக்கிவிடும். மனிதருக்குப் பத்து வயது கூடிவிடும். அங்கே கோட்டைக் குறைக்க வேண்டும், அழிக்கக் கூடாது. மாஸ்க்கில் கறுப்பு பிரஷ்ஷை ஃபுளோ 10 அல்லது 15 சதவீதத்தில் வைத்து, கன்னத்திலும் நெற்றியிலும் மெல்லத் தடவுங்கள். கண், மூக்கின் அடிப்பகுதி, உதடுகள் சேரும் கோடு ஆகியவற்றைத் தொடாதீர்கள். ஆள் யார் என்று காட்டுவது அந்த மூன்றும்தான்.

எந்த மாஸ்க்கில் தடவுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். குரூப்பின் மாஸ்க்கில் தடவ வேண்டும். டாட்ஜ் லேயரின் மாஸ்க்கில் தடவினால் அங்கே வகுத்தல் நின்றுபோய், அடியில் இருக்கும் சாதாரணப் படம் அப்படியே வெளியே வரும். அதைக் குரூப்பின் மல்டிப்ளை வண்ணத்தோடு பெருக்கும். தடவிய இடம் வெளுக்காமல் அழுக்காகக் கறுத்துக்கொண்டு வந்தால், தவறான மாஸ்க்கில் இருக்கிறீர்கள் என்று பொருள். மாஸ்க் சிறுபடத்தைச் சுற்றி எங்கே கட்டம் இருக்கிறது என்று பாருங்கள். Alt அழுத்தி அந்தச் சிறுபடத்தைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் முழுத்திரையில் தெரியும்; விட்டுப்போன ஓட்டைகளை அங்கே எளிதில் பிடிக்கலாம்.

வெறும் கோடு சலிப்பாக இருந்தால், இருண்ட இடங்களில் பென்சில் நிழலும் கொண்டுவரலாம். இதற்கு டாட்ஜ் லேயரின் ஒபாசிட்டியைத் தொடாதீர்கள். ஃபில் என்ற எண்ணைக் குறையுங்கள். பெரும்பாலான மோட்களில் இரண்டும் ஒரே பலனைத் தரும். கலர் டாட்ஜ் உட்பட எட்டு மோட்களில் மட்டும் வேறுபடும். ஒபாசிட்டியைக் குறைத்தால் முடிந்த விடையோடு அடிப்படம் கலக்கும். ஃபில்லைக் குறைத்தால் வகுப்பதற்கு முன்பே மேல் லேயரின் எண் சுருங்கும். ஃபில் 90 சதவீதம் என்று வைத்தால் 80 மதிப்புள்ள கதவின் நடுப்பகுதி வெள்ளையாக இல்லாமல் சுமார் 209 என்ற இளம் சாம்பலுக்கு வரும். 220 உள்ள வேட்டி கிட்டத்தட்ட வெள்ளையாகவே நிற்கும். கதவிலும் தலைமுடியிலும் நிழல் ஏறி, வேட்டி தாளாகவே இருப்பது கையால் வரைந்தவர் செய்வதைப் போன்றதுதான். கிம்ப்பில் ஃபில் என்று தனியாக இல்லை. அங்கே தலைகீழ் லேயரின் லெவல்ஸில் வெளியீட்டு வெள்ளையை 255-இலிருந்து 230-க்கு இறக்கினால் அதே கணக்குதான்.

கடைசியாகத் தாளின் சொரசொரப்பு. காகிதத்தைப் படம்பிடித்து மேலே வைத்து ஓவர்லே போடச் சொல்வார்கள். வண்ணம் உள்ள இடங்களில் அது அழகாகத் தெரியும். வெள்ளைத் தாள் பகுதியில் சுத்தமாகத் தெரியாது. ஓவர்லே கீழே உள்ள எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் மோட். கீழே பாதிக்கு மேல் வெளிச்சம் இருந்தால் அது ஸ்கிரீன் போல நடந்துகொள்ளும். கீழே 1 இருந்தால் மேலே என்ன வைத்தாலும் விடை 1-தான். தாள் தெரிய வேண்டிய இடமே வெள்ளைதான் என்பதால் நமக்கு இங்கே மல்டிப்ளை வேண்டும். காகிதப் படத்தின் சராசரி 235-ஐ ஒட்டி இருக்குமாறு லெவல்ஸில் வெளுத்துக்கொள்ளுங்கள். அதைவிட இருண்டிருந்தால் படம் முழுவதும் பழைய செய்தித்தாள் நிறத்துக்கு இறங்கிவிடும்.

இந்த எண்ணமே கணினியோடு பிறந்ததல்ல. இருட்டறையில் நெகட்டிவ் ஃபிலிமையும் அதிலிருந்து எடுத்த பாசிட்டிவ் ஃபிலிமையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, சாய்வாக ஒளி பாய்ச்சிக் கோட்டோவியம் போன்ற படம் எடுக்கும் முறை இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்ய, எல்லைகளில் மட்டும் ஒளி கசியும். ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994-இல், மூன்றாம் பதிப்பில். படத்தையும் அதன் தலைகீழையும் சேர்த்துக் கோடு எடுக்கும் யோசனை அதற்கு முந்தையது.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபோட்டோஷாப் இல்லையென்றால் உலாவியிலேயே ஓடும் ஃபோட்டோபீயில் ஏறக்குறைய இதே பெயர்களோடு இதைச் செய்யலாம். கிம்ப்பில் கலர் டாட்ஜின் பெயர் வெறும் ‘டாட்ஜ்’. அங்கே ‘டிவைட்’ என்ற மோடும் இருக்கிறது, ஃபோட்டோஷாப்பிலும் இருக்கிறது. தலைகீழாக்காமல் பிளர் மட்டும் செய்த பிரதிக்கு டிவைட் போட்டுப் பாருங்கள். அதே கோடு வரும். மேலே சொன்ன சூத்திரத்தை உங்கள் கண்ணாலேயே சரிபார்க்க அதைவிட நேரான வழி இல்லை. ஆனால் டிவைடில் மேலே சொன்ன ஃபில் வித்தை வேலை செய்யாது. அதனால் அன்றாட வேலைக்கு நான் டாட்ஜையே வைத்துக்கொள்கிறேன்.

கோட்டின் அழுத்தத்தையும் தாளின் சொரசொரப்பையும் 100 சதவீதப் பெரிதாக்கத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். திரைக்குள் அடங்கும்படி சுருக்கிப் பார்க்கும்போது நிரல் காட்டுவது சுருக்கிய படத்தின்மேல் போட்ட கணக்கு. பொடிக் கோடுகள் அதில் மென்மையாகத் தெரிந்து, முழு அளவில் முள்ளாக நிற்கும். திருவல்லிக்கேணியில் அச்சடிக்கக் கொடுப்பதாக இருந்தால் முகமும் கொஞ்சம் பூவும் வரும்படி ஒரு துண்டை மட்டும் வெட்டி, உண்மையான அளவிலேயே, நீங்கள் தேர்ந்தெடுத்த தாளில் ஒரு மாதிரி அடித்து வாங்குங்கள். பளபளப்பில்லாத தாள் மையைச் சற்று உறிஞ்சிக்கொள்ளும், கோடு திரையில் இருந்ததைவிட மென்மையாகும். மாதிரியைப் பார்த்தபின் வீட்டுக்கு வந்து மாற்ற வேண்டியது குரூப்பின் ஒபாசிட்டி அல்லது ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டின் பிளர் ஆரம், ஏதாவது ஒரு எண் மட்டும்தான். அதற்காக எல்லா லேயர்களும் உள்ள PSD கோப்பை வைத்துக்கொண்டு, அச்சகத்துக்குத் தட்டையாக்கிய TIFF பிரதியைக் கொடுங்கள்.